நூல் பை குறைந்து வந்தால் மில்லுக்கு எழுத வேண்டிய கடிதம்

திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி. 30-ஆம் நம்பர் கோம்டு நூல் 50 பைக்கு பர்ச்சேஸ் ஆர்டர் போட்டோம். மில்லில் இருந்து 48 பைக்குத்தான் பில் வந்தது. லாரியில் இருந்து இறங்கியது 46. போன் செய்தால் "பார்த்துச் சொல்கிறோம்" என்கிறார்கள். புகார்க் கடிதம் எப்படி எழுதுவது? அதுவரை பில் பணத்தை நிறுத்தி வைக்கலாமா?

பேனாவை எடுக்கும் முன் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உங்களிடம் இருப்பது ஒரு குறை அல்ல, இரண்டு. ஆர்டர் 50, பில் 48: இந்த 2 பையை மில் அனுப்பவே இல்லை, அதற்குப் பணமும் கேட்கவில்லை. பில் 48, வரவு 46: இந்த 2 பைக்குப் பணம் கேட்டிருக்கிறார்கள், சரக்கு வரவில்லை. முதல் குறைக்கு நீங்கள் கேட்க வேண்டியது சரக்கு. இரண்டாவது குறைக்குக் கேட்க வேண்டியது கிரெடிட் நோட். "4 பை குறைவு, உடனே அனுப்பவும்" என்று ஒரே வரியில் எழுதினால் மில்லின் டெஸ்பாட்ச் ஆள் பில்லைப் பார்த்து "2 பைதானே குறைவு" என்பார், அக்கவுண்ட்ஸ் ஆள் "எங்கள் கணக்கில் குறைவே இல்லை" என்பார். இரண்டும் அவரவர் காகிதப்படி சரியாகவே இருக்கும். கடிதம் அங்கேயே படுத்துவிடும்.

ஆகவே முதலில் மூன்று எண்களை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பைக்கு 60 கிலோ, கிலோ 260 ரூபாய், ஜிஎஸ்டி 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எண் வேறாக இருந்தால் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

ஆர்டர்: 50 பை, 3,000 கிலோ.
பில்: 48 பை, 2,880 கிலோ. சரக்கு மதிப்பு ரூ. 7,48,800, வரி ரூ. 37,440, மொத்தம் ரூ. 7,86,240.
வரவு: 46 பை, 2,760 கிலோ. சரக்கு மதிப்பு ரூ. 7,17,600, வரி ரூ. 35,880, மொத்தம் ரூ. 7,53,480.

பில்லுக்கும் வரவுக்கும் உள்ள வித்தியாசம் ரூ. 32,760. தகராறு உள்ள பணம் இவ்வளவுதான். மீதி ரூ. 7,53,480-ஐப் பற்றி இரு தரப்புக்கும் சண்டையே இல்லை. இதைக் கடிதத்தில் நீங்களே சொல்லிவிட்டால் எதிர்த்தரப்பின் பாதிக் கோபம் அடங்கிவிடும். பணம் தராமல் இழுப்பதற்குக் குறை சொல்கிறார்கள் என்ற சந்தேகம்தான் எந்த மில்லுக்கும் முதலில் வரும்.

அடுத்தது, எந்த 2 பை என்று கண்டுபிடிப்பது. நூல் பை ஒவ்வொன்றிலும் மில் ஒரு ஓடும் எண் போட்டிருக்கும். பில்லோடு வரும் பேக்கிங் லிஸ்டில் அந்த எண்ணும் நிகர எடையும் வரிசையாக இருக்கும். இறங்கிய 46 பையின் எண்களை லிஸ்டில் டிக் அடித்துக்கொண்டே வந்தால் மிஞ்சும் இரண்டு எண்தான் காணாமல் போனவை. இந்த வேலையைப் பலர் செய்வதில்லை. செய்தால் கடிதத்தின் பலமே மாறிவிடும். "2 பை குறைவு" என்றால் மில் மறுக்கலாம். "1117, 1118 ஆகிய பைகள் வரவில்லை, உங்கள் குடோன் இருப்பில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள்" என்றால் யாராவது ஒருவர் குடோனுக்குள் நடந்துபோய்ப் பார்த்தே ஆக வேண்டும். ஏற்றாமல் விட்ட பை பெரும்பாலும் அங்கேதான் சுவரோரம் நிற்கும்.

பிறகு எல்.ஆர்., அதாவது லாரிக்காரர் கொடுக்கும் சரக்கு ரசீது. அதில் 48 என்று இருந்தால் லாரிக்காரர் 48 பையைப் பொறுப்பேற்றதாகப் பொருள். வழியில் போனதா, எண்ணாமல் கையெழுத்துப் போட்டாரா என்பது அவருக்கும் மில்லுக்கும் இடையிலான பஞ்சாயத்து. 46 என்று இருந்தால் மில் ஏற்றியதே அவ்வளவுதான், விஷயம் அப்போதே முடிந்தது. நீங்கள் பார்க்க வேண்டியது, இறக்கும்போது எல்.ஆர். நகலில் உங்கள் ஆள் என்ன எழுதினார் என்பது. "48க்கு 46 மட்டும் இறங்கியது, 2 பை குறைவு" என்று எழுதி, நேரம் போட்டு, டிரைவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தால் நல்லது. வெறும் சீல் அடித்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் 48 பையும் வந்ததாக நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரிதான். அப்படி நடந்திருந்தாலும் வழி இருக்கிறது: அன்றைய வரவுச் சீட்டு, பை எண் டிக் அடித்த லிஸ்ட், கேமரா இருந்தால் இறக்கிய பதிவு, இவற்றோடு அதே நாளில் கடிதம் போக வேண்டும். தாமதம் ஆக ஆக "உங்கள் குடோனிலேயே போயிருக்கும்" என்ற பதிலுக்கு வலு கூடும்.

நூல் நேராக நிட்டிங் யூனிட்டுக்குப் போய் இறங்கியிருந்தால் எண்ணியவர் அவர்தான். அவருடைய வரவுச் சீட்டை அன்றே வாங்குங்கள். நிட்டிங் முடிந்து துணியின் எடையைப் பார்த்துவிட்டு "நூல் குறைவாக வந்திருக்கிறது" என்று கிளம்பும் புகாரை எந்த மில்லும் ஏற்காது. அதில் நிட்டிங் கழிவும் கலந்திருக்கும்.

எடைக் குறைவைப் பற்றி ஒரு இடைச்சொல். உங்களுடையது பைக் குறைவு, அதனால் தப்பித்தீர்கள். பை எண்ணிக்கை சரியாக இருந்து எடை குறைந்தால் வழக்கு சிக்கலாகும். பஞ்சு நூல் ஈரத்தை வாங்கும், விடும். வணிகக் கணக்கில் அதற்கு 8.5 சதவீத ஈரம் வைக்கிறார்கள். மில்லில் ஈரப்பதம் ஏற்றிக் கட்டிய பை வறண்ட குடோனில் இரண்டு வாரம் கிடந்தால் எடை இறங்கத்தான் செய்யும். எனவே எடைப் புகார் என்றால் இறக்கிய அன்றே, சில பைகளையாவது, சாக்கும் கோனும் பாலித்தீனும் கழித்து நிகர எடை பார்த்திருக்க வேண்டும். லாரி எடை மேடைச் சீட்டு இதற்கு உதவாது. டன் கணக்கில் நிறுக்கும் மேடை ஐந்து, பத்து கிலோ படிகளில்தான் காட்டும். பைக்கு அரை கிலோ குறைவதை அது எங்கே பிடிப்பது!

இப்போது கடிதம். மில் பெயருக்கு எழுதுங்கள், ஏஜென்டுக்கு நகல் வையுங்கள். ஏஜென்டிடம் மட்டும் சொல்லிவிட்டு மில்லுக்குச் சொன்னதாக நினைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் பிழை. ஆர்டரில் "உங்கள் குடோன் வரை டெலிவரி" என்ற நிபந்தனை இருப்பதாக வைத்து எழுதியிருக்கிறேன்.

—

நாள்: 14.06.2025

பெறுநர்: விற்பனை மேலாளர், (மில் பெயர், ஊர்)
நகல்: (ஏஜென்ட்), (டிரான்ஸ்போர்ட்)

பொருள்: எங்கள் பர்ச்சேஸ் ஆர்டர் எண் 118, நாள் 02.06.2025 – 30-ஆம் நம்பர் கோம்டு நூல் – 4 பை (240 கிலோ) குறைவு.

ஐயா,

மேற்படி ஆர்டரின்படி 50 பை (3,000 கிலோ) நூல், கிலோ ரூ. 260 விலையில், 14.06.2025-க்குள் எங்கள் குடோனில் சேர வேண்டும். உங்கள் பில் எண் 742, நாள் 12.06.2025, 48 பைக்கு (2,880 கிலோ) வந்துள்ளது. 13.06.2025 மாலை 4.30 மணிக்கு எங்கள் குடோனில் இறங்கியது 46 பை (2,760 கிலோ). குறைவை எல்.ஆர். நகலில் எழுதி டிரைவரிடம் கையெழுத்துப் பெற்றுள்ளோம்.

குறைவு இரண்டு வகைப்படும்.

அ) ஆர்டரில் இருந்து பில் போடாத 2 பை, 120 கிலோ.

ஆ) பில் போட்டு எங்களுக்கு வந்து சேராத 2 பை, 120 கிலோ. பேக்கிங் லிஸ்டின்படி இவற்றின் பை எண்கள் 1117, 1118. மதிப்பு ரூ. 31,200, வரி ரூ. 1,560, மொத்தம் ரூ. 32,760.

46 பையை மட்டும் ஏற்றுக்கொள்கிறோம். மீதி 4 பை மீதான எங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. தாங்கள் செய்ய வேண்டியவை:

1. பை எண் 1117, 1118 தங்கள் இருப்பில் உள்ளனவா என்று பார்த்து 17.06.2025-க்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.

2. வராத 2 பைக்கு, பில் எண் 742-ஐக் குறிப்பிட்டு, ரூ. 32,760-க்குக் கிரெடிட் நோட் அனுப்பவும்.

3. மொத்தம் 4 பை, 240 கிலோ நூலைப் புதிய பில்லில், ஆர்டர் விலையான கிலோ ரூ. 260-க்கே, 20.06.2025-க்குள் எங்கள் குடோனில் சேர்க்கவும். வந்த 46 பையின் லாட்டிலேயே அனுப்பவும். அந்த லாட் இல்லையென்றால் ஏற்றும் முன் தெரிவித்து எங்கள் சம்மதம் பெறவும்.

வந்த சரக்குக்கான ரூ. 7,53,480 ஆர்டரில் சொன்ன தவணை நாளில் செலுத்தப்படும். தகராறில் உள்ள ரூ. 32,760 மட்டும் நிறுத்தி வைக்கப்படுகிறது.

20.06.2025-க்குள் மீதி நூல் வராவிட்டால் அதே தர நூலை வெளியே வாங்கி, கூடுதலாகும் விலையைத் தங்கள் கணக்கில் பற்று வைப்போம். அந்த நாளுக்குப் பிறகு வரும் நூலை நாங்கள் வாங்கிக்கொண்டாலும் தாமதத்தால் வரும் இழப்பைக் கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு.

இணைப்பு: ஆர்டர் நகல், பில் நகல், குறிப்பு எழுதிய எல்.ஆர். நகல், வரவுச் சீட்டு, பை எண் குறித்த பேக்கிங் லிஸ்ட்.

(கையெழுத்து, பெயர், பதவி, கம்பெனி சீல்)

—

இதில் சில வரிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

"46 பையை மட்டும் ஏற்றுக்கொள்கிறோம்" என்பது 1930-ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவை ஒட்டியது. ஒப்புக்கொண்டதைவிடக் குறைவாக வந்தால் வாங்குபவர் மொத்தத்தையும் திருப்பி அனுப்பலாம். ஏற்றுக்கொண்டால், ஏற்றுக்கொண்டதற்கு ஒப்பந்த விலையில் பணம் தர வேண்டும். மெஷினில் நூல் ஏறிவிட்ட பிறகு "எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்" என்று மிரட்டுவதில் பொருள் இல்லை. ஆனால் உங்கள் ஆர்டரில் "கூடுதல், குறைவு 2 சதவீதம் வரை ஏற்கப்படும்" என்ற மாதிரி வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 3,000 கிலோவில் 60 கிலோ வரை குறைத்து அனுப்பினால் நீங்கள் புகார் சொல்ல முடியாது. இங்கே 240 கிலோ, 8 சதவீதம். அந்த வரி மில்லைக் காப்பாற்றாது. அந்தச் சலுகை குறைத்து அனுப்புவதற்குத்தான். அனுப்பாததற்குப் பில் போட அல்ல.

தாமதமாக வரும் நூலைப் பற்றிய கடைசி வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு இதற்குக் காரணம். நாள் முக்கியமான ஒப்பந்தத்தில், நாள் தவறி வந்ததை நீங்கள் ஏற்றுக்கொண்டால், ஏற்கும்போதே இழப்பீடு கேட்கப்போவதாக அறிவித்திருக்க வேண்டும். இல்லையென்றால் பிறகு கேட்க முடியாது. ஆகவே மீதி 4 பை தாமதமாக வந்து இறங்கும் அன்றும் ஒரு வரி மெயில் போடுங்கள்.

இழப்பு என்று எதைக் கேட்கலாம்? வெளியே கிலோ 268 ரூபாய்க்கு வாங்கினால் 240 கிலோவுக்கு வித்தியாசம் ரூ. 1,920. பில்லைக் காட்டிக் கேட்கலாம், கிடைக்கும். பனியன் ஒன்றுக்கு 220 கிராம் நூல் என்றால் 240 கிலோ என்பது சுமார் 1,090 பீஸ். அதற்கான ஏற்றுமதி ஆர்டர் கெட்டது, விமானத்தில் அனுப்ப வேண்டி வந்தது என்பதெல்லாம் வேறு கதை. ஆர்டர் போடும்போதே மில்லுக்கு அந்த நிலவரம் தெரிந்திருந்தால் ஒழிய அது நிற்பது கடினம். நிற்காத தொகையைக் கடிதத்தில் ஏற்றினால் நிற்கும் 32,760-உம் பேரப் பொருளாகிவிடும்.

விலையையும் லாட்டையும் ஏன் அழுத்தினேன் என்றால், மீதி சரக்கில் கோளாறு வருவது இந்த இரண்டில்தான். மில்கள் நூல் விலையை அவ்வப்போது மாற்றி அறிவிக்கும். விலை ஏறும் நேரத்தில் பழைய விலையில் நிற்கும் மீதியை அனுப்ப யாருக்கும் அவசரம் இருக்காது. அனுப்பினாலும் புது விலையில் பில் வரும். லாட் மாறினால் இன்னும் மோசம். பஞ்சுக் கலவை மாறிய நூல், அதே நம்பர், அதே கோம்டு என்றாலும் சாயத்தை வேறு மாதிரி வாங்கும். இரண்டு லாட் ஒரே மெஷினில் கலந்தால் சாயம் போட்ட துணியில் குறுக்கே பட்டை பட்டையாகத் தெரியும். வெள்ளைத் துணியாகப் பார்க்கும்போது கண்ணுக்கே தெரியாது. வேறு லாட்தான் கிடைக்கும் என்றால் தனி மெஷினில், தனி ரோலாக ஓட்டி, வேறு கலருக்கு ஒதுக்கிவிடுங்கள்.

பணத்துக்கு வருவோம். முழுப் பில்லையும் நிறுத்தாதீர்கள். மில் உத்யம் பதிவில் குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால் 2006-ஆம் வருடத்து எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தருவது 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதம் மாதம் கூட்டு வட்டி. அதே சட்டத்தில் உங்களுக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. சரக்கு இறங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால், அந்த ஆட்சேபத்தை மில் தீர்த்த நாளைத்தான் ஏற்றுக்கொண்ட நாளாகக் கணக்கிடுவார்கள். தெரிவிக்காவிட்டால் இறங்கிய நாளே ஏற்ற நாள். 13-ஆம் தேதி இறங்கியதற்கு 28-ஆம் தேதிதான் எல்லை. போனில் சொன்னது இதில் சேராது. ஆகவேதான் கடிதத்தைப் ஸ்பீடு போஸ்டிலும் மெயிலிலும் அனுப்பச் சொல்வது. வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புவது கூடுதலாக இருக்கலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

வரி விஷயத்தில் பொதுவாகச் செய்யும் தவறு, நீங்களே ஒரு டெபிட் நோட் போட்டுவிட்டு முடிந்தது என்று நினைப்பது. அது உங்கள் கணக்குப் புத்தகத்துக்கு உதவும், மில்லின் வரியைக் குறைக்காது. ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி கிரெடிட் நோட் போட வேண்டியவர் சரக்கு கொடுத்தவர். வரியைக் குறைத்துக்கொள்ள அந்த நோட்டை நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள், அல்லது ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்வதற்குள், எது முந்தியதோ அதற்குள் கணக்கில் காட்ட வேண்டும். உங்கள் பக்கம், ஜிஎஸ்டிஆர்-2பியில் 37,440 ரூபாய் முழுதாகத் தெரியும். வந்து சேராத சரக்குக்கு வரி வரவு எடுக்க முடியாது. 35,880 மட்டும் உங்களுடையது, 1,560-ஐ 3பியில் திருப்பி வையுங்கள். பிறகு கிரெடிட் நோட் 2பியில் வரும்போது அது தானாக இன்னொரு முறை 1,560-ஐக் கழிக்கும். ஒரே தொகை இருமுறை குறைந்துவிடாமல் அந்த மாதம் உங்கள் ஆடிட்டரிடம் நினைவூட்டுங்கள். குறைவு இருக்கிறது என்று போர்ட்டலில் பில்லையே நிராகரித்துவிடாதீர்கள். 46 பைக்கான வரவும் சேர்ந்து போய்விடும்.

"பழைய பில்லிலேயே அந்த 2 பையையும் அனுப்பிவிடுகிறோம், கிரெடிட் நோட் எதற்கு" என்று மில் கேட்கலாம். பில் போட்ட நாளுக்கும் சரக்கு வரும் நாளுக்கும் இடைவெளி கூடும்போது வழியில் பிடித்தால் பதில் சொல்வது கஷ்டம். இ-வே பில்லும் பழைய லாரிக்குப் போட்டது. கிரெடிட் நோட், 240 கிலோவுக்கு ஒரே புதுப் பில் என்பது எல்லோருக்கும் சுலபம்.

டிரான்ஸ்போர்ட்டுக்கு நகல் போட்டதற்கும் காரணம் உண்டு. 2007-ஆம் வருடத்துச் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, லாரிக் கம்பெனி மேல் வழக்குப் போட வேண்டுமென்றால் சரக்கு புக் செய்த 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். உங்கள் ஆர்டர் "குடோன் வரை டெலிவரி" என்றால் அந்தத் தலைவலி மில்லுடையது, நீங்கள் நகல் கொடுத்தால் போதும். மில் வாசலோடு டெலிவரி, லாரி உங்களுடையது என்று ஆர்டரில் இருந்தால் நிலைமை தலைகீழ். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி லாரியில் ஏற்றிய உடனே உங்களிடம் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். அப்போது (ஆ) பகுதியை இப்படி மாற்றுங்கள்: மில்லிடம் ஏற்றிய எண்ணிக்கைக்கான ஆதாரம் மட்டும் கேளுங்கள், 32,760 ரூபாய்க்கான கோரிக்கையை டிரான்ஸ்போர்ட் பெயருக்குத் தனிக் கடிதமாக எழுதுங்கள்.

அந்த ஆதாரம் என்பது மூன்று காகிதம்: அன்றைய கேட் பாஸ், ஏற்றும்போது பை எண் குறித்த லோடிங் ஷீட், பை எண்வாரியான குடோன் இருப்புப் பதிவு. "48 பையும் ஏற்றிவிட்டோம்" என்று பதில் வந்தால் இந்த மூன்றின் நகலையும் கேட்டு இரண்டாம் கடிதம் போடுங்கள். கேட் பாஸில் 48 என்று மட்டும் இருந்து லோடிங் ஷீட்டில் 1117, 1118 டிக் ஆகாமல் இருந்தால், பில்லைப் பார்த்து கேட் பாஸ் எழுதியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.